ஒரே கதையை மூன்று முறை எழுதுவதா?

கேள்வி: குறும்படத்தைத் திரைப்பட விழாவுக்கு அனுப்பும்போது லாக்லைன், கதைச்சுருக்கம், இயக்குநர் கூற்று என மூன்றையும் ஏன் கேட்கிறார்கள்? மூன்றும் ஒன்றுதானே?

பதில்: மூன்றும் ஒன்றாக இருந்தால், இரண்டு வீண். லாக்லைன் என்பது, யாருக்கு என்ன வேண்டும், குறுக்கே நிற்பது எது என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்வது. ஆல்பெர் லாமொரீஸ் இயக்கிய 'சிவப்பு பலூன்' (1956) படத்துக்கு அதை இப்படி எழுதலாம்: 'தன்னைத் தோழனைப் போலப் பின்தொடரும் பலூனை, அதைப் பறிக்கத் துடிக்கும் சிறுவர் கூட்டத்திடமிருந்து காக்கப் போராடுகிறான் பாரிஸ் சிறுவன் ஒருவன்.' முடிவை இங்கே சொல்லக்கூடாது.

கதைச்சுருக்கத்தில் முடிவை மறைப்பதுதான் பலர் செய்யும் பிழை. அது ரசிகருக்கான விளம்பரமன்று. கதை எங்கே போய்ச் சேர்கிறது என்று அறிய விரும்பும் தேர்வாளருக்கானது என்பதால், பலூன் கல்லடிபட்டுச் சாவதையும், நகரத்துப் பலூன்களெல்லாம் திரண்டு வந்து சிறுவனை வானில் தூக்கிச் செல்வதையும் அதில் எழுதியே ஆகவேண்டும்.

இயக்குநர் கூற்றில் கதை மீண்டும் தலைகாட்டினால் அந்தப் பக்கம் தோற்றுவிட்டது. லாமொரீஸ் தம் மகனையே நடிக்கவைத்ததும், மெனில்மோந்தான் பகுதித் தெருக்களில் படமாக்கியதும், உரையாடலை மிகக் குறைத்ததும் ஏன் என்பதே அங்கே இடம்பெறத் தக்கது.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, விழாவின் கால வரம்பைப் பார்த்துவிட வேண்டும்: கான் விழாவில் குறும்படத்துக்கான உயரிய விருதை வென்ற இந்த 34 நிமிடப் படத்தை, 15 நிமிட வரம்புள்ள இன்றைய கான் குறும்படப் போட்டிக்கு அனுப்பவே முடியாது.