5.45 பிக்கப்

ஊரே வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில் தலை வாரி, கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனைக்கு வந்து நிற்பதில் 2005-இல் எனக்கு ஒரு பெருமை இருந்தது. வருவது கம்பெனி வண்டி, அதுவும் க்வாலிஸ். மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவில் அதற்கு முன் அப்படி வாசலுக்கு வந்து ஆளை ஏற்றிப்போன வண்டி ஸ்கூல் வேன் ஒன்றுதான் என்பதை அப்போது யாரும் எனக்கு எடுத்துச் சொல்லவில்லை.

டிரைவர் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். அதை எடுத்துவிட்டால் அவருக்குக் காசு போய்விடும் என்பதால் எடுக்காமல் இருப்பதே மரியாதை. வண்டி எங்கே இருக்கிறது என்று தெரியாத அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு டீ குடிக்கலாம், கடையில் தொங்கும் மாலைப் பேப்பரின் தலைப்புகளைப் படிக்கலாம், எதிர்வீட்டு மாமாவின் "ராத்திரியில அப்படி என்னப்பா வேலை?" என்ற கேள்விக்குத் தினம் ஒரு புதுப் பதில் சொல்லலாம்.

துரைப்பாக்கத்தில் 7.30-க்கு ஷிப்ட். எனக்கு 5.45, அசோக் நகரில் ஒருவருக்கு 5.55, ஈக்காட்டுத்தாங்கலில் 6.10, கடைசியாக வேளச்சேரி விஜயநகரில் 6.35, அங்கிருந்து பள்ளிக்கரணை வழியாக 7.10-க்கு வாசல். காகிதத்தில் இருபது நிமிடம் மிச்சம். ஆனால் ஷிப்ட் தொடங்குவது என்றால் வாசலில் நுழைவது இல்லையே. பையைச் சோதித்து, செல்போனை லாக்கரில் வைத்து, முக்கி முனகும் கம்ப்யூட்டரை எழுப்பி, முதல் அழைப்பை எடுக்கத் தயாராக ஹெட்செட்டை மாட்டியிருக்க வேண்டும். அதற்கே பத்து நிமிடம் போய்விடும். மீதிப் பத்தில்தான் நாலு பேரின் வாழ்க்கை நடந்தது. அசோக் நகர்க்காரர் சட்டைக்கு இஸ்திரி போட ஆறு நிமிடம் எடுத்தால் அது ஆறோடு நிற்காது. நெரிசல் ஏறிக்கொண்டே போகும் நேரம் என்பதால் கிண்டியில் ஒரு சிக்னல் கூடுதலாகப் பிடித்து, விஜயநகரில் பதினைந்தாகக் குட்டி போட்டிருக்கும். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்ற வேளச்சேரிப் பெண்ணும் எங்களோடு சேர்ந்து லேட்.

அன்று இதற்கு ஒரு மருந்து இருந்தது: டிரைவர். "அந்த சார் இன்னும் குளிக்கலையாம், நாம ஈக்காட்டுத்தாங்கல் ஆளை ஏத்திட்டு வந்துடுவோம்" என்று வரிசையை மாற்றி, எனக்குத் தெரியாத சந்துகளில் புகுந்து, டிரிப் ஷீட்டில் மட்டும் 5.55 என்று அழகாக எழுதி எங்களிடம் கையெழுத்து வாங்குவார். அந்த ஷீட்டைப் போன்ற கற்பனை இலக்கியத்தை நான் பிறகு படித்ததில்லை.

இன்று என் அண்ணன் மகளின் செல்போனில் வண்டி ஒரு சின்னப் பொம்மையாக ஊர்கிறது. நாலு நிமிடத்தில் வருகிறேன் என்று இருபது நிமிடமாகச் சொல்கிறது. அவள் டீயும் குடிக்காமல் அதையே பார்த்தபடி நிற்கிறாள். ஏறியதும் ஓடிபி. வரிசையை மென்பொருள் தீர்மானிக்கிறது. டிரைவர் சந்தில் திரும்பினால் பாதை மாறியதாக அலுவலகத்தில் மணி அடிக்கிறது. இருட்டிய பிறகு ஒரு பெண் மட்டும் தனியாக முதலில் ஏறக்கூடாது, ஏறினால் காவலர் வேண்டும் என்ற ஏற்பாடு நல்லது. எங்கள் காலத்தில் அதைக் கேட்டு வாங்கவேண்டியிருந்தது. மற்றபடி, தாமதத்தை நொடிவரை அளக்கிறார்கள், அவ்வளவுதான்.

மாறாத ஒன்று அமெரிக்கக் கடிகாரம், 2007-இல் தேதிகள் மட்டும் மாறின. மார்ச் இரண்டாம் ஞாயிறு அவர்கள் முள்ளை முன்னே தள்ளினால் நியூயார்க்கின் காலை 9 மணி நமக்கு 6.30 ஆகி, பிக்கப் உச்சி வெயில் தணியாத 4.45-க்கு வந்துவிடும். நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுத்தால் மறுபடி 7.30. ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கம் என்று நாங்கள் கொண்டாடுவோம். பயணம் நேராக ஆறு மணி நெரிசலில் போய் விழும், அதே மாதத்தில்தான் வடகிழக்குப் பருவமழையும் வேளச்சேரியில் வந்து தேங்கும். தூங்கிய ஒரு மணி நேரத்தைத் தண்ணீருக்கு நடுவே உட்கார்ந்து வட்டியோடு கட்டுவோம்.

புதிதாக நைட் ஷிப்ட் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிக்கப் நேரத்தை நம்பாதீர்கள். அந்த வண்டியின் முதல் பிக்கப் எத்தனை மணிக்கு, டிரைவர் முந்தைய டிரிப்பை முடித்துவிட்டாரா என்று கேளுங்கள். வண்டி வராவிட்டால் தெருவில் நிற்கும்போதே டிரான்ஸ்போர்ட் டெஸ்க்குக்கும் டீம் லீடருக்கும் ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள். அலுவலகம் போய்ச் சொன்னால் அந்தத் தாமதம் உங்கள் பெயரில்தான் ஏறும்.