அங்கிள், லீக் ஆகுது

என் சித்தி பையன் வேளச்சேரியில் 12,000 ரூபாய் வாடகைக்கு இருந்தான். பாத்ரூம் ஒழுகியபோது ஓனருக்கு அவன் அனுப்பிய வாட்ஸ்அப் இது: "அங்கிள் லீக் ஆகுது". பக்கத்தில் அழும் பொம்மைகள் மூன்று. ஓனர் பதிலுக்குக் கட்டைவிரலை உயர்த்தினார். லீக் ஆவதை அவர் ஆமோதிக்கிறார் போலும்.

"எங்கேடா ஒழுகுது?"

"சீலிங்ல."

"எப்போ?"

"அது இஷ்டத்துக்குண்ணா."

ஒழுக்குக்கு அப்படி இஷ்டமெல்லாம் கிடையாது. மேல் வீட்டில் யாரும் தண்ணீர் புழங்காதபோதும் சொட்டினால், பெரும்பாலும் தண்ணீர் வரும் பைப்பில் கோளாறு. அவர்கள் குளித்தபின் மட்டும் சொட்டினால், தண்ணீர் வெளியேறும் வழியிலோ டைல்ஸ் இடுக்கிலோ கசிவு. பிளம்பர் எங்கே உடைப்பது என்பது இதில்தான் இருக்கிறது. தம்பி பக்கெட்டோடு காவல் இருந்தான். மேல் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை குளிப்பதில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அடுத்து "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் சமூகத்துக்கு" என்று ஒன்று எழுதி அனுப்பிவிட்டான். ஓனர் பதறிப்போய் போன் செய்தார்: "ஏம்ப்பா, கோர்ட்டுக்குப் போறியா?" மரியாதை திடீரென்று கூடினாலும் ஆபத்துதான். அங்கிள் அங்கிளாகவே இருக்கட்டும் என்று நான் மாற்றி எழுதிக் கொடுத்தேன்:

"வணக்கம் அங்கிள். பாத்ரூம் சீலிங்கில், லைட்டுக்கு ஒரு அடி தள்ளி தண்ணீர் சொட்டுகிறது. மேல் வீட்டில் குளித்த கால் மணி நேரத்தில் ஆரம்பித்து, மதியம் நின்றுவிடுகிறது. ஷாக் அடிக்குமோ என்று லைட் போடுவதில்லை. வீடியோ அனுப்பியிருக்கிறேன். சனிக்கிழமைக்குள் பிளம்பரை அனுப்ப முடியுமா? காலையில் வீட்டில்தான் இருப்பேன்."

சனிக்கிழமை பிளம்பர் வந்தார். மேல் வீட்டு டைல்ஸை உடைத்தார். அங்கே பகை தொடங்கியது தனிக் கதை.

வீட்டைக் காலி செய்தபின், "அங்கிள் அட்வான்ஸ் என்னாச்சு?" என்று கேட்டிருக்கிறான். மறுபடியும் கட்டைவிரல். இதையும் திருத்தினோம்:

"அங்கிள், 1ஆம் தேதி சாவி கொடுத்துவிட்டேன். வாடகை, ஈ.பி. பில் பாக்கி இல்லை, ரசீது இணைத்திருக்கிறேன். அட்வான்ஸ் 60,000 ரூபாயை இந்த மாதத்துக்குள் என் கணக்கில் போட்டுவிடுங்கள். ஏதாவது பிடிப்பதாக இருந்தால் எதற்கு, எவ்வளவு என்று எழுதி அனுப்புங்கள்."

மாதக் கெடு நாங்களாக வைத்ததல்ல. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், காலி செய்த ஒரு மாதத்துக்குள், பிடிக்க வேண்டியதைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தரச் சொல்கிறது. ஆனால் சட்டத்தின் பெயரை முதல் செய்தியிலேயே எடுத்தால் அங்கிள் வக்கீலைத் தேடுவார். அதனால் அதைப் பையில் வைத்துக்கொண்டோம்.

பதில் வந்தது: "பெயின்டிங்குக்கு ஒரு மாச வாடகை கழிச்சிக்கறேன்." சென்னையில் எழுதப்படாத வழக்கம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, சுவருக்கு வெள்ளையடிப்பதும் தண்ணீர்ப் பைப் மாற்றுவதும் அந்தச் சட்டப்படி ஓனர் கணக்கு. குழாய் வாஷர், ஸ்விட்ச் மாதிரி சில்லறை வேலைகள்தான் குடியிருப்பவர் தலையில். தம்பியின் ஒப்பந்தத்தில் பெயின்ட் என்ற பேச்சே இல்லை.

"அங்கிள், பெயின்டிங் பற்றி ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சொன்னால் பார்த்துக்கொள்கிறேன்" என்று பணிவாக ஒரு வரி அனுப்பினோம்.

இரண்டு நாள் நீலக் குறி மட்டும் தெரிந்தது. பிறகு 57,000 ரூபாய் வந்தது. மீதி 3,000 எதற்கு என்று கேட்டதற்கு அங்கிள் தெளிவாகவே எழுதியிருந்தார்: "சுவத்துல ஆணி, ஆறு."