எந்தநாளும் அக்கா

ஸ்காபரோவில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் ஓர் ‘எந்தநாளும் அக்கா’ இருப்பா. ஒரு பிழை ஒரேயொரு நாளில் நடந்து முடிந்துவிடும் என்பதை அவ ஏற்றுக்கொள்ளமாட்டா. பேரன் ஒருமுறை சப்பாத்தோடு உள்ளே வந்தால், “இந்தப் பிள்ளை ஒருநாளும் சப்பாத்துக் கழட்டுறேல்லை.” 401இல் கார் நகராவிட்டால், “எந்தநாளும் உந்த ரோட்டு இப்பிடித்தான்.” இதில் இரண்டாவது மட்டும் உண்மை.

எங்கள் தெருவில் இருக்கிற அக்காவுக்கும் அண்ணைக்கும் ஜூலையில் நடந்த குப்பை வழக்கைச் சொல்கிறேன். ரொறன்ரோவில் பச்சை பின் கிழமைக்கு ஒருமுறை எடுபடும், கறுப்பு பின் இரண்டு கிழமைக்கு ஒருமுறை. எங்கள் தெருவுக்குப் புதன்கிழமை. காலை ஏழு மணிக்கு முன்னம் தெருவோரம் நிற்கவேண்டும். அந்தக் கிழமை அண்ணை மறந்துவிட்டார். பச்சை பின்னுக்குள் மீன்தலையும் நண்டுக் கோதும். வெயில் வேறு.

புதன் காலை அண்ணை தலையைச் சொறிந்துகொண்டு, மன்னிப்புக் கேட்கிற முகத்தோடுதான் குசினிக்குள் வந்தார். அக்கா திரும்பினா. “இஞ்சை பாருங்கோ, நீங்கள் ஒருநாளும் பின் வைக்கிறேல்லை!”

அண்ணையின் முதுகு நிமிர்ந்தது. “போன புதன் ஆர் வைச்சது? ஜனவரியிலை முழங்கால் பனிக்குள்ளை ஆர் இழுத்துக்கொண்டு போனது? சொல்லும் பாப்பம்!”

‘ஒருநாளும்’ என்பதை உடைக்க ஒரு நாள் போதும். அண்ணையின் கையில் வருசத்துக்கு ஐம்பது புதன் இருந்தது. அரை மணித்தியாலம் வாதாடி வழக்கை வென்றார். மீன்தலை அங்கேயே கிடந்தது. இரவு ரக்கூன் வந்து மிச்சத் தீர்ப்பை அளித்துவிட்டுப் போனது.

சமூகசேவை படிக்கிற மகள் இடையில் புகுந்தா. ஜோன் கொட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் தம்பதிகளின் சண்டைகளை வருசக்கணக்காக ஆராய்ந்தவர். செய்த காரியத்தைச் சொன்னால் அது முறைப்பாடு, செய்த ஆளின் குணத்தைச் சொன்னால் அது குற்றச்சாட்டு என்று பிரித்தவர். குற்றச்சாட்டைக் கேட்டவர் உடனே தற்காப்பில் இறங்குவார். “ஓல்வேய்ஸ், நெவர் எண்டு சொன்னால் அது ஆளின்ரை குணத்தைச் சொல்லுறது. ரெண்டையும் எடுத்துவிடுங்கோ அம்மா” என்றா மகள்.

அக்கா எடுத்தா. அடுத்த முறை, “நீங்கள் பின் வைக்கிறேல்லை.” அண்ணை பழையபடி ஜனவரிப் பனியை இழுத்து வந்தார்.

ஏனென்றால் ஆங்கிலத்தில் அந்தப் பழி தனிச் சொல்லாக நிற்கிறது, பிடுங்கலாம். எங்கள் தமிழில் அது வினைச்சொல்லின் வாலுக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. ‘வைக்கேல்லை’ என்றால் நேற்று ஒரு இரவு. ‘வைக்கிறேல்லை’ என்றால் கலியாணம் கட்டிய நாள் தொடக்கம். நடுவில் ஒரு ‘கிறே’ நுழைந்து முழு ஆயுளையும் கூண்டில் ஏற்றிவிடுகிறது.

அக்கா அதையும் பழகினா. ஆனால் முன்னால் ‘வழக்கம்போல’ என்று ஒன்றைச் சேர்த்தா. “வழக்கம்போல நேற்று வைக்கேல்லை.” வாசலால் போன பேய் யன்னலால் வந்த கதை.

கடைசியாக ஆகஸ்டில் ஒரு புதன், அக்கா மூச்சை இழுத்துவிட்டு, “நேற்று இரவு பச்சை பின் வைக்கேல்லை. மீன்தலை உள்ளை கிடக்குது. வாற புதன் மட்டும் என்ன செய்யிறது?” என்றா. அண்ணை வாயைத் திறந்தார். மறுக்க ஒரு திகதிகூடக் கிடைக்கவில்லை. “பையிலை கட்டி பிரீசருக்குள்ளை வைக்கிறன்” என்று எழும்பினார்.

“உண்மையிலேயே அடிக்கடி மறந்தால்?” என்று அக்கா மகளிடம் கேட்டா. எண்ணிச் சொல்லவேண்டும் என்றா மகள். “இந்த ரெண்டு மாசத்திலை மூண்டு தரம்” என்பதை ஒரு நல்ல புதனைக் காட்டி உடைக்க முடியாது. ஆனால் அக்கா உடனே கடைக் கலண்டரில் சிவப்புப் பேனையால் வட்டம் போடத் தொடங்கினா. அண்ணை குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கப் போகும்போதெல்லாம் அது கண்ணில் படும். வாய் பேசாவிட்டாலும் சுவர் ‘எந்தநாளும்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. மகள் அதையும் கழற்றினா.

போன கிழமை அக்காவைத் தமிழ்க் கடையில் கண்டேன். “நீர் ஒருநாளும் எங்கடை வீட்டுப் பக்கம் வாறேல்லை” என்றா.

“இல்லையக்கா, போன மாசம் இருபதாந் திகதி…” என்று நானும் வழக்கறிஞராகிவிட்டேன்.

“ஓமோம், வந்து அஞ்சு நிமிசம் நிண்டீர். வாரும், தேத்தண்ணி குடிப்பம்.”

இந்த ‘ஒருநாளும்’ மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும்.