கேளுங்க மாமா: மூணு நாள் மாத்திரை

கே: ஒடிசாவுக்குப் போய் வந்த என் ஆலைத் தோழருக்கு ஃபால்சிபாரம் மலேரியா. டாக்டர் ஆர்ட்டிமீதர்–லுமிஃபான்ட்ரின் மூன்று நாளுக்குக் கொடுத்தார். இரண்டாம் நாளே காய்ச்சல் ஓடிவிட்டது. மீதியைப் பத்திரப்படுத்தலாமா? (சூலக்கரை)

ப: யாருக்குச் சீதனம்? ஆர்ட்டிமீதர் சரவெடி. படபடவென்று கிருமிக் கூட்டத்தைக் காலி செய்துவிட்டு, சில மணி நேரத்தில் தானும் அடங்கிவிடும். ஒளிந்து தப்பியதைத் தேடிப் பிடிப்பது, ரத்தத்தில் நாட்கணக்கில் தங்கும் லுமிஃபான்ட்ரின். பாதியில் நிறுத்தினால் பத்திரமாக இருப்பது கிருமிதான்.

கே: எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறையா? (சாத்தூர்)

ப: அந்த எட்டு, முதல் இரண்டு வேளைக்கு நடுவில் மட்டும். திங்கள் காலை 8 மணிக்குத் தொடங்கினால் மாலை 4 மணிக்கு அடுத்தது. செவ்வாயும் புதனும் காலை, இரவு. 35 கிலோவைத் தாண்டியவருக்கு 20/120 மில்லிகிராம் மாத்திரை வேளைக்கு நான்கு, மொத்தம் 24. கடைக்காரர் 80/480 கொடுத்தால் நாலும் ஒன்றுக்குள் அடக்கம், வேளைக்கு ஒன்றே. அட்டையைப் படிக்கக் காசு கேட்க மாட்டார்கள்.

கே: கொழுப்போடு சாப்பிடச் சொல்கிறார்கள். எண்ணெய்ப் புரோட்டா? (விருதுநகர்)

ப: உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் அதிசயம்! லுமிஃபான்ட்ரினுக்குக் கொழுப்பு துணை வேண்டும். இல்லாவிட்டால் குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் வெளியேறிவிடும். நம் வீட்டிலோ காய்ச்சல் என்றதும் எண்ணெயைப் பூட்டிவைத்துவிட்டுக் கஞ்சியும் ரஸ்க்கும் நீட்டுவோம். மாத்திரை ஒழுங்காகத்தான் போட்டார், ஆனால் மூன்று வாரத்தில் காய்ச்சல் திரும்பிவிட்டது என்றால், அந்தக் கஞ்சியையும் சந்தேகப்படுங்கள். உடனே மறுபடி ரத்தம் சோதியுங்கள். விருந்தெல்லாம் தேவையில்லை. ஒன்றரை கிராம் கொழுப்பே ஏறக்குறையப் போதும். அரை டம்ளர் பாலில் அதற்கு மேலேயே இருக்கிறது. பால் பிடிக்காதவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஒரு கரண்டி. புரோட்டா குணமான பிறகு, என் கணக்கில் அல்ல.

கே: விழுங்கிய அரை மணியில் வாந்தி எடுத்துவிட்டார். (திருத்தங்கல்)

ப: ஒரு மணி நேரத்துக்குள் என்றால் அந்த வேளையை முழுசாகத் திரும்பக் கொடுங்கள். அதில் ஒரு வில்லங்கம்: கொடுத்தது அடுத்த வேளையின் பங்கு. புதன் இரவு அட்டை காலியாக இருக்கும், ‘எல்லாம் முடிஞ்சது’ என்று வீடே நிம்மதியாகத் தூங்கும். இன்றைக்கே டாக்டரிடம் சொல்லிக் குறைந்ததை வாங்குங்கள். இரண்டாம் தடவையும் கக்கினால் வாய்வழி வைத்தியம் முடிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், அங்கே ஆர்ட்டிசுனேட் ஊசி இருக்கிறது.

கே: அரசு ஆஸ்பத்திரியில் தரும் அட்டை வேறு மாதிரி இருக்கிறதே, போலியா? (சிவகாசி)

ப: அவசரப்பட்டுப் புகார் எழுதாதீர்கள். 2013-இன் தேசியச் சிகிச்சை முறை, லுமிஃபான்ட்ரின் கூட்டணியை வடகிழக்கு மாநிலங்களுக்கு ஒதுக்கியது. நமக்கு வந்தது மூன்று நாளும் தினம் ஒரு வேளை ஆர்ட்டிசுனேட், முதல் நாள் மட்டும் கூடவே சல்ஃபாடாக்சின்–பைரிமெத்தமின். கூட்டணி மாறுவது நமக்கென்ன புதுசா?