இருக்கும், ஒரு பத்து வருஷம்

புதுப்பிப்புப் பிரிவு அதிகாரி அவர்களுக்கு,

என் அம்மாவின் மருத்துவக் காப்பீட்டை இனிப் புதுப்பிக்க முடியாது என்று நீங்கள் அனுப்பிய கடிதம் வந்து சேர்ந்தது. பிரீமியம் கெடுவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது வந்தது. வேறு கம்பெனிக்கு மாறுவதென்றால் குறைந்தது 45 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்று உங்கள் பாலிசித் தாளே சொல்கிறது. நாள் பார்த்துத்தான் தபாலில் போட்டிருக்கிறீர்கள்.

காரணம், 2018-ல் பாலிசி எடுத்தபோது பிரஷரை மறைத்தார் என்பது. ஆதாரம், போன வருஷம் ஸ்டென்ட் வைத்தபோது கிடைத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் 'பத்து வருடமாக இரத்த அழுத்தம்' என்ற ஒரு வரி. அது எழுதப்பட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். டூட்டி டாக்டர் பேனாவைத் திறந்துகொண்டே, "பிரஷர் எத்தனை வருஷமாம்மா?" என்றார். "இருக்கும், ஒரு பத்து வருஷம்" என்றாள் அம்மா. அவளுக்கு எங்கள் கேஸ் அடுப்பும் பத்து வருஷம்தான், பால்காரரும் பத்து வருஷம்தான். பிரஷருக்கு முதல் மாத்திரை எழுதிய சீட்டு 2020-ஆம் வருஷத்தது. இணைத்திருக்கிறேன்.

அந்த டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்துத்தான் 2,40,000 ரூபாய் கொடுத்தீர்கள். அப்போது கண்ணில் படாத பிரஷர் இப்போது பட்டிருக்கிறது. கிளெய்ம் வாங்கியதையே காரணம் காட்டிப் புதுப்பிக்க மறுக்க விதி இடம் தராது. மோசடி, மறைத்தல், பொய்த்தகவல் என்று ஏதாவது இருந்தால்தான் மறுக்கலாம். அதனால் ஒன்றைத் தேடிப்பிடித்தீர்கள் போலிருக்கிறது. உழைப்பைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்றைப் பார்க்க மறந்துவிட்டீர்கள். விடாமல் 60 மாதம் பிரீமியம் கட்டிவிட்டால் மறைத்தாய் என்ற கேள்வியையே எழுப்பக்கூடாது. மோசடியை நிரூபித்தால்தான் உண்டு. முன்பு எட்டு வருஷமாக இருந்த இந்தக் கெடுவை ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-ல் ஐந்தாகக் குறைத்தது. அம்மா கட்டியது 84 மாதம். காப்பீட்டுத் தொகையை நடுவில் ஏற்றியிருந்தால் ஏறிய பங்குக்கு மட்டும் கணக்கு புதிதாகத் தொடங்கும். நாங்கள் ஏற்றவில்லை, அன்றும் ஐந்து லட்சம், இன்றும் ஐந்து லட்சம். பத்து வருஷம் என்று ஒரு கிழவி சொன்னதை மோசடி என்று நிரூபிக்கப் போகிறீர்கள் என்றால், எங்கள் பால்காரரையும் சாட்சிக்கு அனுப்பி வைக்கிறேன்.

பிரீமியத்தை இன்றே ஆன்லைனில் கட்டிவிட்டேன். நீங்கள் திருப்பி அனுப்பினாலும் கட்டியதற்குச் சான்று இருக்கும். இந்தக் கடிதத்தின் நகல் உங்கள் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் போகிறது. ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும், அடுத்து காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன். அங்கே கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். புகார் கொடுக்க, அந்தப் பதில் வந்ததிலிருந்து, வராவிட்டால் அந்த ஒரு மாதம் முடிந்ததிலிருந்து, ஒரு வருஷம் அவகாசம் உண்டு. நான் அத்தனை நாள் காத்திருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
பாலிசிதாரரின் மகன்

பின்குறிப்பு: இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இந்தக் கம்பெனி எத்தனை வருஷமா இருக்குடா?" என்றாள். இருக்கும், ஒரு பத்து வருஷம் என்றேன்.