மற்றும் 46 பேர்

வாங்க மருமகனே, உக்காருங்க. சோழபுரத்துல புது வீட்டுக்குப் பால் காய்ச்சின அடுப்பு இன்னும் ஆறலை, அதுக்குள்ள பேஸ்புக்ல நன்றி சொல்லி டேக் போட 47 பேரை எழுதி வச்சிருக்கீங்களாமே. ஒருத்தரையும் விட்டுறக் கூடாதாம்ல. நல்ல மனசு!

ஆனா போட்டுப் பாருங்க. முதல்ல ஒரே ஒரு பேரு நிக்கும், அப்புறம் 'மற்றும் 46 பேர்'னு வரும். கல்யாணப் பத்திரிகையில 'மற்றும் உற்றார் உறவினர்'னு அடிப்பாங்கள்ல, அந்த வரிசையில உங்க பெரியப்பாவும் ஒரு ஆளு. அவரு கண்ணாடி போட்டுத் தேடுவாரு. விட்டுப்போனா ஒரு நாள்தான் கோவப்படுவாரு, 'மற்றும்'ல கெடந்தா வருசம் பூரா சொல்லிக் காட்டுவாரு.

அடுத்து உங்க சித்தப்பா. சத்திரப்பட்டியில பேண்டேஜ் தறி ஓட்டுற மனுசன், நூல் கடையில பாக்கி வச்சிருக்காரு. அவரை டேக் பண்ணி 'நெருக்கடியில கை கொடுத்த சித்தப்பா'ன்னு எழுதியிருக்கீங்க. 'நண்பர்கள் மட்டும்'னு வச்சாலும், டேக் போட்டா அவரு நண்பர்களுக்கும் அது போகும்யா. அதுல நூல் கடைக்காரரும் இருக்காரு, சித்தியும் இருக்கா. சித்திக்கு அந்தப் பணக் கதையே தெரியாது! மில்லுல வேலை பாக்குற உங்க சிநேகிதன் 'அம்மாவுக்குக் காய்ச்சல்'னு லீவு சொல்லிட்டு வந்து, நம்ம பந்தியில பாயசம் குடிச்சான். அவன் சூப்பர்வைசரும் பேஸ்புக்லதான் இருக்காராம்.

'நான் பாத்து ஒத்துக்கிட்ட பிறகுதான் டேக் வரும்'னு அவன் செட்டிங் வச்சிருக்கானேன்னு சொல்லாதீங்க. அது அவன் பக்கத்துக்கு மட்டும்தான் பூட்டு. உங்க பதிவுல அவன் பேரு பளிச்சுன்னு நிக்கும். சரி, பிறகு ஒரு பேரை நைசா எழுத்துல சேத்துக்கலாம்னா, திருத்தின வரலாறுன்னு ஒன்னு இருக்கு. தோண்டிப் பாக்குறதுக்குன்னே நம்ம குடும்பத்துல ஒரு அத்தை இருக்கா.

அதனால பேஸ்புக்ல போட்டோவைப் போடுங்க. அதுல நிக்கிறவங்ககிட்ட போன்ல கேட்டு, சரின்னவங்களை மட்டும் டேக் பண்ணுங்க. மத்தபடி உறவை உறவுன்னு எழுதுங்க, பணத்தை மட்டும் எழுதாதீங்க. சித்தப்பாவுக்கு நேர்ல போய்க் கும்பிடு போடுங்க, சித்தி தண்ணி எடுக்கப் போன நேரமாப் பாத்து. வீட்டைக் கட்டின கொத்தனாருக்கு பேஸ்புக்கே கிடையாது, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஒரு கிலோ வாங்கிக் கொடுங்க.

ரோசக்காரங்களுக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் இருக்கு. ஒரு ஸ்டேட்டஸ்ல அஞ்சு பேரை மென்சன் பண்ணலாம், யாரை மென்சன் பண்ணீங்கன்னு மத்தவங்களுக்குத் தெரியாது. பெரியப்பா தன்னை மட்டுந்தான் சொல்லியிருக்குன்னு நெனச்சுக்கிட்டு நாலு பேருகிட்ட காட்டுவாரு. அந்த நாலு பேரும் ஆளுக்கொரு போனைத் தொறந்து காட்டாம இருக்கணும், அவ்வளவுதான்.

எனக்கா? எனக்கு இந்த டேக் ஆசையெல்லாம் இல்லைப்பா. போடுறதா இருந்தா அந்த முதல் பேரு தாய்மாமன் பேரா இருக்கட்டும். அப்புறம் அந்த மூணாவது போட்டோவை எடுத்துருங்க, நான் கண்ணை மூடிக்கிட்டு நிக்கிறேன்.