‘இது என்ன பாட்டு?’: வாய்ஸ் நோட் முனகல் குறித்து ஓர் ஆய்வு

குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் பின்னிரவில் வந்து விழும் ‘ம்ம்… ம்ம்ம்… இது என்ன பாட்டு?’ என்ற வகை வாய்ஸ் நோட், அறிஞர்களின் கண்ணில் இன்னும் படவில்லை. அக்குறையை நீக்க எடுத்துக்கொண்ட மூலச் சான்று, சித்தி அனுப்பிய ஒரு முனகல். அதில் வரி இல்லை, தாளம் இல்லை. ஃபேன் சத்தம் தாராளமாக உண்டு.

இத்துறைக்கு முன்னோடி டெனிஸ் பார்சன்ஸ் என்ற ஆங்கிலேயர். 1975இல் அவர் மெட்டுகளுக்கு ஓர் அகராதி போட்டார். முதல் சுரத்தை வைத்துக்கொண்டு, அடுத்தது ஏறுகிறதா, இறங்குகிறதா, அதே இடத்தில் நிற்கிறதா என்று மட்டும் குறிக்க வேண்டும். எவ்வளவு ஏறியது என்று அவர் கேட்பதே இல்லை. ‘ட்விங்கிள் ட்விங்கிள்’ தொடக்கம் இப்படி வரும்: அதே, மேல், அதே, மேல், அதே, கீழ். பாதியில் கட்டை மாறிவிடும் சித்தி போன்றவர்களுக்கு இம்முறை பெரிய சலுகை. ஆனால் ஏபிசிடி பாட்டுக்கும் இதே மெட்டுதான். முனகியவர் மனத்தில் இருந்தது நட்சத்திரமா, எழுத்தா என்பதை எந்த அகராதியும் சொல்லாது.

சித்தியின் சான்றில் தெளிவாகக் கேட்பவை நான்கே சுரங்கள்: மேல், மேல், கீழ். இதற்குள் பாதித் திரையிசை அடங்கிவிடும் என்பதால் ராகத்தைப் பிடிக்க முயன்றோம். “க ப த ப. மோகனம்” என்றார் பெரியப்பா. “ஸ க ம க. ஹிந்தோளம்” என்றார் அத்தை. விவாதம் காரசாரமாகிப் பழைய சொத்துத் தகராறு வரை போனது.

உண்மையில் இருவரும் சரி. மோகனத்தின் காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்கு மூன்று அரைச்சுரப் படி, அங்கிருந்து தைவதத்துக்கு இரண்டு. ஹிந்தோளத்தில் ஸ, க, ம என்று ஏறினாலும் அதே மூன்று, அதே இரண்டு. ஐந்து சுரங்களையும் அசைக்காமல் ஸட்ஜத்தை மட்டும் இடம் மாற்றினால் ராகமே மாறிவிடும். சங்கீதக்காரர்கள் இதைக் கிரக பேதம் என்பார்கள். மோகனத்தின் ரிஷபத்தை ஸ ஆக்கினால் மத்தியமாவதி, பஞ்சமத்தை ஆக்கினால் சுத்த சாவேரி, தைவதத்தை ஆக்கினால் சுத்த தன்யாசி. மேடையில் தம்புரா ஸ எது என்று சொல்லிக்கொண்டே இருப்பதால் குழப்பமில்லை. சித்தியிடம் தம்புரா இல்லை.

அந்த வேலையை ஃபேன் பார்த்திருக்கலாம் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. அதன் அடித்தொனி போனின் சின்ன ஸ்பீக்கரில் அநேகமாகக் காணாமல் போகும், ஹெட்ஃபோனில் கேட்கும். அத்தை ஹெட்ஃபோன் போட்டிருந்தார்.

எனவே, “முதல்ல ஸ பிடிச்சுட்டு அப்புறம் முனகுங்க சித்தி” என்று எழுதினேன்.

“என்ன பாட்டுன்னு தெரிஞ்சாதானேடா ஸ எதுன்னு தெரியும்?” என்று பதில் வந்தது. அது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.